கழுத்து எம்ஆர்ஐ: தண்டுவடம் நசுங்கியிருக்கிறதா, காயப்பட்டிருக்கிறதா?

கழுத்து எம்ஆர்ஐ படம் கையில் கிடைத்ததும் எல்லோர் கண்ணும் ஜவ்வுக்குத்தான் போகும். "ஜவ்வு பிதுங்கியிருக்கு" என்று யாராவது விரல் வைத்துக் காட்டினால் வீடே கலங்கிவிடும். ஐம்பதைத் தாண்டியவர்களில் கழுத்து ஜவ்வு கொஞ்சமும் பிதுங்காத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த ஜவ்வுக்குப் பின்னால் மூளையிலிருந்து இறங்கி வரும் சாம்பல் நிற நாடாதான் தண்டுவடம். அதற்கு என்ன ஆயிற்று என்பதே நமக்குத் தெரிய வேண்டியது. அதில் இரண்டு கேள்விகள் உண்டு. தண்டுவடம் நசுங்கியிருக்கிறதா? நசுங்கியதால் உள்ளே காயப்பட்டிருக்கிறதா? முதல் கேள்விக்கு வடிவம் பதில் சொல்லும், இரண்டாவதற்கு நிறம் பதில் சொல்லும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் புதிதாகப் படம் பார்ப்பவர்கள் செய்யும் முதல் தவறு. பயிற்சிக் காலத்தில் நானும் அதைத்தான் செய்தேன்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு போவோம். பல நோயாளிகளிடம் பார்த்ததைக் கலந்து நான் செய்துகொண்ட ஆள் இவர். 58 வயது தையல்காரர். எட்டு மாதமாக ஊசியில் நூல் கோக்கத் தடுமாறுகிறார், சட்டைப் பொத்தானைப் போட நேரமாகிறது. நடக்கும்போது செருப்பு காலை விட்டு நழுவுகிறது, அது நழுவியதே அவருக்குத் தெரிவதில்லை. கழுத்து வலி என்று பெரிதாக ஒன்றுமில்லை. முட்டியிலும் முழங்கையிலும் சுத்தியலால் தட்டிப் பார்த்த மருத்துவர், அனிச்சைத் துள்ளல் அதிகமாக இருக்கிறதே என்று எம்ஆர்ஐக்கு எழுதிக் கொடுத்தார்.

சரி, படத்துக்கு வருவோம். ஆளை மேலிருந்து கீழாக, மூக்கிலிருந்து பிடரி வரை வாளால் இரண்டாகப் பிளந்து பக்கத்திலிருந்து பார்ப்பது போன்றது நெடுக்குவெட்டுப் படம். ஸ்கேன் மையத்தில் இதை 'சஜிட்டல்' என்பார்கள். வழக்கமாக முகம் படத்தின் இடப்பக்கமும் பிடரி வலப்பக்கமும் இருக்கும். ஒரே கழுத்துக்கு இப்படிப் பத்துப் பதினைந்து துண்டுகள் இருக்கும், ஒவ்வொன்றும் சுமார் 3 மி.மீ. தடிமன். தண்டுவடத்தின் அகலமோ கழுத்தில் 13 மி.மீ. அளவுதான். ஆக மொத்தத் துண்டுகளில் நான்கில்தான் தண்டுவடம் ஒழுங்காகத் தெரியும். ஓரத்துத் துண்டுகளில் தெரிவது தண்டுவடத்தின் விளிம்பும் அதைச் சுற்றியுள்ள நீரும் கலந்த கலவை. அதைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

நடுத்துண்டு எது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மேலே, இரண்டாம் கழுத்தெலும்பின் மேல் ஒரு பல் முளைத்தது போன்ற முனை முழுதாகத் தெரிய வேண்டும். பின்பக்கம், தொட்டால் கையில் படுமே, அந்த முள்ளெலும்புகள் வரிசையாகத் தெரிய வேண்டும். அந்தப் பல் முளைத்த எலும்புதான் சி2. அதிலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வந்தால் சி3, சி4 என்று சி7 வரை போகலாம். ஜவ்வுக்கு இரு பக்கத்து எலும்புகளின் பெயரையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். சி5க்கும் சி6க்கும் நடுவில் இருப்பது சி5-சி6 ஜவ்வு. கீழிருந்து மேலே எண்ணாதீர்கள், ஒரு எலும்பு தப்பிவிடும்.

துண்டைப் போலவே படத்தின் வகையும் முக்கியம். ஒரே வெட்டை இரண்டு மூன்று விதமாக எடுத்திருப்பார்கள். திரையின் ஓரத்தில் `t2_tse_sag`, `t1_tse_sag`, `stir_sag` என்பது போன்ற பெயர்கள் இருக்கும். கருவிக்குக் கருவி எழுத்துகள் கொஞ்சம் மாறும். டி2 படத்தில் தண்ணீர் வெள்ளையாகத் தெரியும், டி1 படத்தில் கறுப்பாகத் தெரியும். தண்டுவடத்தைச் சுற்றி நீர் இருப்பதால் டி2 படத்தில் அது இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஓடும் சாம்பல் நாடாவாக நிற்கும். முன்னால் ஒரு வெள்ளைக் கோடு, பின்னால் ஒன்று. கழுத்து எம்ஆர்ஐ பார்க்கும் வேலையில் பாதி இந்த இரண்டு கோடுகளைப் பார்ப்பதுதான்.

மேலிருந்து கீழே கண்ணை மெதுவாக இறக்குங்கள். முதலில் முன்கோட்டை மட்டும், அப்புறம் பின்கோட்டை மட்டும். முன்கோடு பல பேருக்கு இயல்பாகவே மெல்லியது. ஜவ்வு பிதுங்கினால் அந்த இடத்தில் இன்னும் மெலிந்து அறுந்துபோகும். அது அறுந்ததாலேயே தண்டுவடம் நசுங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. நீர் ஒதுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நம் தையல்காரர் படத்தில் சி4-சி5 மட்டத்தில் முன்கோடு காணவில்லை. பின்கோடு அப்படியே இருக்கிறது, சாம்பல் நாடாவின் முன்விளிம்பும் நேராகவே இறங்குகிறது. ஆக இங்கே இடம் குறுகியிருக்கிறது, தண்டுவடம் தப்பித்திருக்கிறது.

ஒரு மட்டம் கீழே வந்தால் கதை மாறுகிறது. சி5-சி6இல் முன்னும் பின்னும் இரண்டு வெள்ளைக் கோடுகளும் ஒரே இடத்தில் காணாமல் போகின்றன. முன்னால் ஜவ்வும் எலும்பு விளிம்பில் வளர்ந்த முனையும் சேர்ந்து ஒரு கறுப்பு மேடாகத் தண்டுவடத்துக்குள் அழுத்துகின்றன. பின்னால் மஞ்சள் தசைநார் என்ற பட்டை தடித்து, மடிந்து முன்னே வருகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட சாம்பல் நாடா, இரண்டு விரலால் பிடித்த களிமண் கயிறு போல ஒடுங்கியிருக்கிறது. கோடு போனதோடு நாடாவின் விளிம்பும் உள்ளே வளைந்துவிட்டால்தான் அது தண்டுவட நசுங்கல்.

இந்த வேறுபாட்டைத்தான் ரிப்போர்ட்டில் எழுதும் சொற்கள் குறிக்கின்றன. தெரிந்து வைத்துக்கொண்டால் வீண் பயம் குறையும். 'தீக்கல் சாக் இண்டென்டேஷன்' என்றால் தண்டுவடத்தையும் நீரையும் பொதிந்திருக்கும் உறையில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். 'கார்ட் இண்டென்டேஷன்', 'கார்ட் கம்ப்ரெஷன்' என்று வந்தால்தான் தண்டுவடத்தையே தொட்டிருக்கிறது. முதலாவது எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அறுவை சிகிச்சை எங்கே செய்யலாம் என்று விசாரிக்கக் கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று அளக்க ஒரு எளிய கணக்கு உண்டு. நசுங்கிய இடத்தில் தண்டுவடத்தின் முன்பின் தடிமன் எவ்வளவு, அதற்கு மேலும் கீழும் இயல்பாக இருக்கும் இடங்களில் எவ்வளவு என்று நடுத்துண்டில் அளக்க வேண்டும். படம் பார்க்கும் எந்த மென்பொருளிலும் அளவுகோல் கருவி இருக்கும். தையல்காரருக்கு மேலே சி3 பின்னால் 7.6 மி.மீ., கீழே சி7 பின்னால் 6.8 மி.மீ. சராசரி 7.2. சி5-சி6இல் 4.3.

```
(1 − 4.3 ÷ 7.2) × 100 ≈ 40
```

அதாவது தடிமனில் சுமார் 40 சதவீதம் போய்விட்டது. இந்த எண்ணைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். அரை மி.மீ. தள்ளி அளந்தாலே ஏழு சதவீதம் மாறிவிடும். ஆறு மாதம் கழித்து எடுக்கும் படத்தோடு ஒப்பிடுவதற்கு அது உதவும்.

இப்போது இரண்டாவது கேள்வி, நிறம். இது வடிவத்தைவிட நுணுக்கமானது, ஏமாறவும் இடம் அதிகம். டி2 படத்தில் நலமான தண்டுவடம் மேலிருந்து கீழ் வரை ஒரே சாம்பலாக இருக்க வேண்டும். நெடுநாள் அழுத்தத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, நீர் கோத்து, நரம்பிழைகள் சிதையத் தொடங்கினால் அந்த இடம் வெளுக்கும். எந்தச் சாம்பலோடு ஒப்பிடுவது? அதே படத்தில், நசுங்காத சி2 மட்டத்துத் தண்டுவடத்தோடு. பக்கத்தில் இருக்கும் நீரோடு ஒப்பிட்டால் எதுவுமே வெளுப்பாகத் தெரியாது. திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தும் பாருங்கள். வெளிச்சம் அளவுக்கு மீறி வைத்தால் நல்ல தண்டுவடமும் வெளுத்துப் போகும், குறைத்தால் உண்மையான வெளுப்பும் மறைந்துவிடும்.

தையல்காரரின் டி2 நடுத்துண்டில் சி5-சி6 ஜவ்வுக்குப் பின்னாலிருந்து சி6 எலும்பின் மேல்பாதி வரை, சுமார் 8 மி.மீ. நீளத்துக்கு, சாம்பல் நாடாவின் நடுவே பாலில் தண்ணீர் கலந்தது போல ஒரு வெளுப்பு. விளிம்பு தெளிவாக இல்லை, மேலும் கீழும் கரைந்து போகிறது. அதே படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சி3இலிருந்து சி7 வரை தண்டுவடத்தின் நடுவே, தலைமுடி போல ஒரு நேரான வெள்ளைக் கோடு. இந்த இரண்டில் எது நோய், எது படத்தின் விளையாட்டு?

பயிற்சியில் இருந்த முதல் ஆண்டில் இப்படி ஒரு முடிக்கோட்டைப் பார்த்து, தண்டுவடத்துக்குள் நீர்க்குழல் உருவாகியிருக்கிறது என்று எழுதிக் கொண்டுபோனேன். மூத்தவர் படத்தைப் பார்க்கக்கூட இல்லை. "குறுக்குவெட்டில் காட்டு" என்றார். குறுக்குவெட்டில் ஒன்றுமே இல்லை.

அந்தக் கோட்டுக்கு கிப்ஸ் அலை என்று பெயர். எம்ஆர்ஐ கருவி படத்தைப் பல அலைகளைக் கூட்டித்தான் உருவாக்குகிறது. அலைகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு. பளிச்சென்ற வெள்ளையும் சாம்பலும் சட்டென்று சந்திக்கும் எல்லையில் அந்த அலைகள் சரியாக ஒன்றையொன்று ஈடு செய்யாமல், குளத்தில் கல் விழுந்தாற்போல எல்லைக்கு இணையாகச் சிற்றலைகளை விட்டுவிடும். தண்டுவடத்தின் முன்னும் பின்னும் அப்படிப்பட்ட எல்லைதான் இருக்கிறது. இரண்டு பக்கத்து அலைகளும் நடுவில் சந்தித்தால் ஒரு போலிக் கோடு பிறக்கும். அது ஒன்றிரண்டு புள்ளி அகலமே இருக்கும், தண்டுவடத்தின் விளிம்புக்கு இணையாக ஓடும், நசுங்கிய இடம் நசுங்காத இடம் என்று பார்க்காமல் நீளமாகப் போகும். உண்மையான காயத்துக்கு இப்படி ஒழுங்காக ஓடத் தெரியாது. அது பெரும்பாலும் அதிகம் நசுங்கிய மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ உட்கார்ந்திருக்கும்.

எச்சில் விழுங்கினாலும் படம் கெடும். தொண்டை அசைந்தால் அதன் நிழல் படத்தில் ஒரு திசையில் திரும்பத் திரும்ப விழும், சில சமயம் தண்டுவடத்தின் மேலேயே மங்கலாகப் படியும். அந்தப் பட்டை தண்டுவடத்தோடு நிற்காது. எலும்பின் மேலும் தசையின் மேலும் கடந்து போகிறதா என்று கண்ணால் பின்தொடர்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஆகவே ஒரு வெளுப்பை நம்புவதற்கு முன் நான் சாட்சி கேட்பேன். பக்கத்துத் துண்டிலும் தெரிகிறதா? ஸ்டிர் படத்தில் தெரிகிறதா? அதில் கொழுப்பின் வெள்ளையை அணைத்துவிடுவதால் நீர்கோத்த இடம் எடுப்பாகத் தெரியும். அதே மட்டத்தின் குறுக்குவெட்டில் தெரிகிறதா? தையல்காரருக்கு நான்கு துண்டுகளில் நடுவிலுள்ள இரண்டில் வெளுப்பு இருக்கிறது, ஸ்டிரிலும் இருக்கிறது. குறுக்குவெட்டில் வட்டத்துக்கும் நீள்வட்டத்துக்கும் இடைப்பட்டதாக இருக்க வேண்டிய தண்டுவடம், அவரை விதை போல முன்பக்கம் குழிந்து தட்டையாகியிருக்கிறது. முன்பின் 4.3 மி.மீ., அகலம் 13.4 மி.மீ. வகுத்தால் 0.32. இந்த விகிதம் 0.4க்குக் கீழே போனால் தட்டையானது அதிகம் என்று கொள்வது வழக்கம். நடுவே மங்கலான வெளுப்பும் இருக்கிறது. முடிக்கோட்டுக்கு மட்டும் எந்தச் சாட்சியும் வரவில்லை. அதைத் தள்ளிவிடலாம்.

அடுத்து டி1 படம். புதிதாகப் பார்ப்பவர்கள் இதைத் திறப்பதே இல்லை, டி2 அளவுக்கு அழகாக இருக்காது. டி2இல் வெளுத்த அதே இடம் டி1இல் இயல்பான சாம்பலாகவே இருந்தால், உள்ளே நீர்கோத்தலோ லேசான சேதமோ இருக்கலாம், அழுத்தம் விலகினால் ஓரளவு மீள வாய்ப்புண்டு. டி2இல் கூர்மையான விளிம்போடு பளிச்சென்று வெள்ளையாகவும், டி1இல் கறுத்தும் இருந்தால் அங்கே திசு செத்துக் கரைந்து குழியாகத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். ரிப்போர்ட்டில் 'மைலோமலேசியா' என்ற சொல் அப்போதுதான் பொருத்தமாக இருக்கும். மங்கலான எல்லா வெளுப்புக்கும் அந்தச் சொல்லைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. குறுக்குவெட்டில் இடமும் வலமும் இரண்டு சின்ன வெள்ளைப் புள்ளிகள், பாம்பின் கண்கள் போல, தெரிவதும் நல்ல அறிகுறி அல்ல. கைத்தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் இருக்கும் இடம் அது. தையல்காரருக்கு டி1 சாம்பலாகவே இருந்தது, பாம்புக்கண்ணும் இல்லை.

இதையெல்லாம் சுருக்கமாக எழுத, கொரியாவைச் சேர்ந்த காங் குழுவினர் 2011இல் முன்வைத்த தரவரிசை வசதியானது. இடம் தாராளமாக இருந்தால் 0, நீர் இருக்கும் இடத்தில் பாதிக்கு மேல் அடைபட்டும் தண்டுவடம் வளையாமல் இருந்தால் 1, தண்டுவடம் வளைந்தும் நிறம் மாறாமல் இருந்தால் 2, நிறமும் மாறினால் 3. அதன்படி தையல்காரரின் சி4-சி5 முதல் தரம், சி5-சி6 மூன்றாம் தரம்.

நசுங்கலே இல்லாத இடத்தில் வெளுப்பு தெரிந்தால் வேறு திசையில் யோசிக்க வேண்டும். இரண்டு எலும்பு உயரத்துக்குக் குறைவான, ஓரமாக ஒட்டிய திட்டு என்றால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் நினைவுக்கு வர வேண்டும். மூன்று எலும்பு உயரத்தைத் தாண்டி நீண்டால் நியூரோமைலைட்டிஸ் போன்ற அழற்சிகள். தண்டுவடம் ஒடுங்காமல் உப்பியிருந்தால் கட்டியையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பின்பகுதியில் மட்டும் நீளவாட்டில் வெளுத்திருந்தால் வைட்டமின் பி12 அளவைப் பார்க்கச் சொல்வோம். பெயரளவில் ஜவ்வு கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது என்பதற்காக, எங்கோ தள்ளி இருக்கும் வெளுப்பின் பழியை அதன்மேல் போட்டுவிடுவது நடக்கிற தவறுதான். வெளுப்பும் நசுங்கலும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று மறுபடி எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு ஏமாற்றம் நசுக்கும் பொருளிலேயே இருக்கிறது. எலும்புகளின் பின்முதுகை ஒட்டி மேலிருந்து கீழே இறங்கும் ஒரு தசைநார் சிலருக்கு எலும்பாகவே இறுகிவிடும். டி2 படத்தில் அது ஜவ்வு போலவே கறுப்பாகத்தான் தெரியும். ஆனால் பிதுங்கிய ஜவ்வு தன் மட்டத்தில்தான் பின்னே துருத்தும். இதுவோ எலும்பின் பின்னாலும் தொடர்ந்து ஒரு கறுப்புப் பட்டையாக நிற்கும். அப்படிச் சந்தேகம் வந்தால் சிடி ஸ்கேனில் எலும்பின் வெள்ளை அப்பட்டமாகத் தெரிந்துவிடும். அறுவை சிகிச்சையை முன்னாலிருந்து செய்வதா பின்னாலிருந்து செய்வதா என்ற முடிவே இதனால் மாறலாம்.

படத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. மல்லாந்து படுத்து, கழுத்தை அசைக்காமல் எடுத்த படம் இது. தலையை அண்ணாந்து பார்க்கும்போது மஞ்சள் தசைநார் இன்னும் மடிந்து உள்ளே வரும், இடம் மேலும் குறுகும். படுத்த படத்தில் சுமாராகத் தெரிகிற நசுங்கல், பரணிலிருந்து எதையாவது எடுக்க அண்ணாந்து நிற்பவருக்கு அதிகமாக இருக்கக்கூடும். மறுபக்கம், நசுங்கல் கண்ணுக்குத் தெரிந்தும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடும் முதியவர்களும் நிறைய. ஆகவே படத்தைப் பார்க்கும்போதே கையையும் நடையையும் விசாரிக்க வேண்டும். பத்து விநாடியில் விரல்களை முழுதாக மடக்கி விரிக்கச் சொன்னால் பெரும்பாலானவர்கள் இருபது முறையாவது செய்துவிடுவார்கள். தையல்காரரால் பதினொன்றுதான் முடிந்தது. கை கால் திடீரென்று பலமிழப்பது, சிறுநீர் கட்டிக்கொள்வது இவை வந்தால் படத்தை அலசிக்கொண்டிருக்க நேரமில்லை, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தையல்காரருக்கு சி5-சி6 ஜவ்வை முன்கழுத்து வழியாக எடுத்து, எலும்புகளை இணைத்தார்கள். ஆறு மாதம் கழித்து எடுத்த டி2 படத்தில் முன்னும் பின்னும் வெள்ளைக் கோடுகள் திரும்பியிருந்தன, சாம்பல் நாடா 6 மி.மீ. வரை மீண்டிருந்தது. அந்த வெளுப்பு சுருங்கியிருந்தது, போகவில்லை. பத்து விநாடியில் பதினேழு முறை விரலை மடக்கினார். ஊசியில் நூல் கோக்க மட்டும் இன்னும் பேத்தியைத்தான் கூப்பிடுகிறார்.